இரவில் பாதம் பார்க்கும் பழக்கம் பத்து நாளில் நின்றுபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. இரண்டே நிமிட வேலைதான், ஆனாலும் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு இதை இணைத்து, காலண்டரில் ஒரு கோடு போட்டு எப்படித் தொடரலாம் என்பதற்கான பதில்கள் இவை.

பாதத்தைப் பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். என்னத்தைப் பார்க்கணும், எவ்வளவு நேரம் ஆகும்?

கால் கழுவித் துடைத்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் மேல்பாதம், பிறகு ஒவ்வொரு விரலாக விரித்து இடுக்கு, அதன் பின் உள்ளங்கால், கடைசியில் குதிகால். தினமும் இதே வரிசையில் பார்த்தால் எந்த இடமும் விட்டுப்போகாது. வெட்டு, கொப்புளம், சிவப்பு, வீக்கம், நிறமாற்றம், முள் குத்திய புள்ளி, நகம் சதைக்குள் ஏறியிருப்பது, விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் ஆழமான வெடிப்பு ஆகியவைதான் தேட வேண்டியவை. செருப்பின் கட்டைவிரல் வளையம் உரசும் இடத்தைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாகப் புறங்கையை இரண்டு பாதத்திலும் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பாதம் மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

வலித்தால் தெரிந்துவிடுமே என்று நினைப்பதில்தான் ஆபத்து. சர்க்கரை நரம்பைப் பாதித்திருந்தால் கால் மரத்துப்போயிருக்கும். ஆணி ஏறிய செருப்போடு நாள் முழுக்க நடந்தாலும் உணர்ச்சி இருக்காது. வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்தான் செய்ய வேண்டும்.

பார்த்து முடித்ததும் குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் தேங்காய் எண்ணெயோ ஈரப்பசை கிரீமோ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

தினமும் செய்யற ஏதாவது வேலையோட சேர்த்துக்கணும்னு சொல்றாங்க. எந்த வேலையோட சேர்க்கிறது?

முழு விஷயமும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். பழைய பழக்கம் ஒரு கொக்கி, புதியது அதில் மாட்டும் பை. கொக்கி ஆடினால் பை விழுந்துவிடும்.

நல்ல கொக்கிக்கு நான்கு தகுதிகள் வேண்டும். வாரத்தில் ஏழு நாளும் நடக்க வேண்டும். அதை நீங்களே செய்ய வேண்டும். அது முடிகிற கணம் தெளிவாகத் தெரிய வேண்டும். முடிந்த பிறகு இரண்டு நிமிடம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்போது வழக்கமாகச் சொல்லப்படும் சிலவற்றைப் பார்ப்போம். 'சாப்பிட்ட பிறகு' என்பது சரிப்படாது. சாப்பாடு எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாது, பேச்சு நீளும், பாத்திரம் காத்திருக்கும். 'சீரியல் முடிந்ததும்' என்றால் ஞாயிற்றுக்கிழமை சீரியல் இருக்காது. 'படுக்கையில் உட்கார்ந்ததும்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தலையணை கண்ணில் பட்டதும் சாய்ந்துவிடுவோம். 'போனை சார்ஜில் போட்டதும்' என்பது, தினமும் ஒரே நேரத்தில் போடுபவருக்கு மட்டும் பொருந்தும்.

பெரும்பாலான வீடுகளில் இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவதும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவதும் நல்ல கொக்கிகள். இரண்டுக்கும் ஒரு 'டக்' சத்தம் உண்டு, முடிந்ததில் சந்தேகமே வராது. ஆனால் உங்கள் வீட்டில் ரெகுலேட்டரை மூடுவது மருமகள் என்றால் அது அவருடைய கொக்கி, உங்களுடையது அல்ல.

பாதம் பார்க்கத் தொடங்கும் முன் ஒரு வாரம் கொக்கியை மட்டும் சோதித்துப் பாருங்கள். தாழ்ப்பாள் போட்ட ஒவ்வொரு இரவும் காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஏழில் ஏழு வந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஐந்துதான் வந்தது என்றால் அதில் மாட்டுகிற பழக்கமும் ஐந்து நாள்தான் வரும். ஒரு வாரம் வீண் என்று பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். பிறகு மூன்றாவது வாரத்தில் மொத்தத்தையும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

ராத்திரி சுகர் மாத்திரை போடுறப்பவே பார்த்துட்டா என்ன? அதுவும் தினமும் நடக்கிறதுதானே?

தினமும் நடக்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலும் மாத்திரை சாப்பாட்டோடு ஒட்டி வருவது. அப்போது நீங்கள் சாப்பாட்டு மேசையிலோ சமையலறையிலோ இருப்பீர்கள், கால் கழுவியிருக்காது, சாப்பிட்ட இடத்தில் பாதத்தைத் தூக்கிப் பார்க்க வீட்டில் யாரும் விடமாட்டார்கள். நேரம் பொருந்தினால் போதாது, இடமும் பொருந்த வேண்டும். படுக்கும்போது தனியாக ஒரு மாத்திரை போடுபவர் என்றால் அதைத் தாராளமாகக் கொக்கியாக்கலாம்.

கொக்கிக்கு முன்னாடி செய்யலாமா, பின்னாடிதான் செய்யணுமா?

பின்னால்தான். 'கதவைத் தாழிடும் முன் பாதம் பார்க்க வேண்டும்' என்று வைத்தால், தாழிடப் போகிறோம் என்பது முன்கூட்டியே நினைவில் இருக்க வேண்டும். அப்படி யாரும் நினைப்பதில்லை, கை தானாகப் போய்த் தாழிடும். போட்ட பிறகுதான் 'அடுத்து என்ன' என்று ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை வைத்துப் பிரிட்டனில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. பல் துலக்கும் முன் செய்யச் சொன்னவர்களைவிடத் துலக்கிய பின் செய்யச் சொன்னவர்களிடமே பழக்கம் வலுவாக இருந்தது.

இதை ஒரு வாக்கியமாக எழுதி வையுங்கள்: "வாசல் கதவைத் தாழிட்டதும் கால் கழுவித் துடைத்து, கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பார்ப்பேன்." எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எண்ணெய் தடவிய காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கும் தூரம்தான் இருக்க வேண்டும்.

துண்டு, கைக்கண்ணாடி, எண்ணெய்ப் புட்டி மூன்றையும் ஒரு சின்னக் கூடையில் போட்டு நாற்காலிக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். கண்ணாடியைத் தேடிப் பீரோவரை போக வேண்டியிருந்தால், அன்றைக்கு அவ்வளவுதான்.

21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிடும்னு படிச்சேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதுமா?

அந்த 21, 1960இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து பரவியது. தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தை, தினமும் நடக்கும் ஏதோ ஒன்றோடு இணைத்து 12 வாரம் செய்து பார்த்தார்கள். பழக்கம் தானாக ஓடும் நிலையை எட்ட ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மிகப் பெரியது, கணக்குப்படி 18 நாள் முதல் 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாகப் படிந்தது. நம் ஊரில் ஒரு மண்டலம் என்று 48 நாள் சொல்வார்கள். 21ஐவிட அது நடப்புக்குக் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கிறது.

பாதம் பார்ப்பதற்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காப் போகுது. அப்புறம் எப்படின்னே தெரியாம நின்னுடுது. ஏன்?

முதல் வாரத்தை ஓட்டுவது கொக்கி அல்ல, பயம். டாக்டர் சொன்னதோ, தெரிந்தவர் ஒருவருக்கு விரல் எடுத்த செய்தியோ மனதில் சூடாக இருக்கும். அந்தச் சூடு ஆறும்போது கொக்கி இன்னும் படிந்திருக்காது. இடையில் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறோம்.

இந்தப் பழக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து நாள் பார்த்தும் ஒன்றும் இருக்காது. நடந்தால் உடம்பு இலேசாகும், தலைக்குக் குளித்தால் புத்துணர்ச்சி வரும். பாதம் பார்த்தால் கிடைப்பது 'ஒன்றுமில்லை' என்ற செய்தி மட்டும். அதுதான் நல்ல செய்தி, ஆனால் அதைப் பலனாக மனம் எண்ணுவதில்லை. அதனால்தான் குறித்து வைக்கச் சொல்கிறோம். ஒன்றுமில்லை என்பதும் காகிதத்தில் ஒரு கோடாக நின்றால் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகிவிடும்.

மூன்றாவது காரணம் சாதாரணமானது. இரண்டு வாரத்துக்குள் எப்படியும் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ விருந்தாளியோ வந்துவிடும். அன்று கொக்கியே நடந்திருக்காது. நடக்காத கொக்கியைப் பிடித்துப் பழக்கம் எப்படி வரும்? ஆனால் நாமோ 'எனக்குச் சோம்பேறித்தனம்' என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறோம்.

எதுல குறிச்சு வைக்கிறது? போன் ஆப் போதாதா?

மாதக் காலண்டர் போதும். ஒரு மாதம் முழுவதும் ஒரே தாளில், கட்டம் கட்டமாக இருப்பதாகப் பாருங்கள். தினமும் கிழிக்கும் காலண்டர் இதற்கு ஆகாது. காலையில் தாளைக் கிழிக்கும்போது நேற்றுப் போட்ட குறியும் குப்பைக்குப் போய்விடும்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் மாட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனாவைக் கட்டாவிட்டால் மூன்றாம் நாள் அது பால் கணக்கு எழுதப் போயிருக்கும்.

பார்த்தேன், ஒன்றுமில்லை என்றால் ஒரு சாய்கோடு. பார்த்தேன், ஏதோ இருக்கிறது என்றால் ஒரு வட்டம், உள்ளே இடம்: வலது குதிகால் என்றால் 'வகு', இடது பெருவிரல் என்றால் 'இபெ'. பார்க்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் காரணத்தின் ஓரெழுத்து: மறதிக்கு 'ம', தூக்கத்துக்கு 'தூ', ஊரில் இல்லை என்றால் 'ஊ'. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எத்தனை நிமிடம், எந்தக் கிரீம், அன்றைய சர்க்கரை அளவு என்று சேர்த்துக்கொண்டே போனால், குறிப்பதே பாதம் பார்ப்பதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

எண்ணெய் தொடும் முன் கோடு போட்டுவிடுங்கள். எண்ணெய்க் கையில் பேனா வழுக்கும், தாளில் எழுதாது. 'அப்புறம் போடலாம்' என்று விட்டால் அன்றைய கட்டம் காலியாகிவிடும். கோடு பாதம் பார்த்ததற்குத்தான், எண்ணெய் தடவியதற்கு அல்ல.

ஆப் பயன்படுத்தக் கூடாது என்றில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தால் அது கோடு போடுவதோடு நிற்காது. அலாரம் வைத்தாலும் இதே கதைதான். அது அடிக்கும்போது நீங்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பீர்கள், அணைப்பீர்கள், நான்காம் நாளிலிருந்து அணைப்பதுதான் பழக்கமாகும்.

விட்டுப்போன நாள் நிறைய இருக்கு. அதை வச்சு என்ன தெரிஞ்சுக்க முடியும்?

ஒரு தாளை எடுத்துப் பார்ப்போம். 58 வயதுக்காரர், கொக்கி ரெகுலேட்டர் மூடுவது. மாதம் திங்கட்கிழமை தொடங்குகிறது, 30 நாள். 25 நாளில் கோடு இருக்கிறது. 6, 13, 14, 20, 27 ஆகிய ஐந்து நாளும் விட்டுப்போயிருக்கின்றன. 14இல் 'ஊ' என்று இருக்கிறது, மற்ற நான்கிலும் 'ம'.

மறதி என்று எழுதியிருந்தாலும் இது மறதி அல்ல. 6, 13, 20, 27 நான்கும் சனிக்கிழமை. அந்த வீட்டில் சனிக்கிழமை இரவு டிபன் வெளியிலிருந்து வருகிறது. அடுப்பு பற்றவைப்பதில்லை, ரெகுலேட்டர் மாலைக் காபிக்குப் பிறகே மூடியாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு அந்த 'டக்' கேட்டபோது பாதம் பார்க்கும் நேரமும் இல்லை, மனமும் இல்லை. இரவில் அந்தச் சத்தமே வரவில்லை.

ஆக, திருத்த வேண்டியது அவரை அல்ல, கொக்கியை. சனிக்கிழமைக்கு மட்டும் வேறு கொக்கி என்று வைத்தால் எது எந்த நாள் என்பதே இன்னொரு நினைவுச் சுமையாகும். ஏழு நாளும் நடக்கிற தாழ்ப்பாளுக்கு மொத்தமாக மாற்றுவதுதான் சரி. மாற்றிய பின் முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும், அது எதிர்பார்க்க வேண்டியதே.

இதேபோல 'தூ' நிறைய வந்தால் கொக்கி இரவில் மிகத் தாமதமாக இருக்கிறது, ஒரு மணி நேரம் முந்தைய ஒன்றுக்கு மாற்றுங்கள். 'ம' எல்லாக் கிழமையிலும் சிதறிக் கிடந்தால் கொக்கி முடியும் கணம் தெளிவாக இல்லை, அல்லது கூடை பார்வையில் இல்லை. ஒரு வாரத்தில் மூன்று எழுத்துக்கு மேல் வந்தால் மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அப்போதே பாருங்கள்.

ஒரு நாள் விட்டா திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணுமா?

வேண்டாம். மேலே சொன்ன லண்டன் ஆய்வில், ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. 'தொடர்ந்து 17 நாள்' என்று எண்ணுபவர்கள்தான் 18ஆம் நாள் விட்டதும் மொத்தத்தையும் கைவிடுவார்கள். தொடரை எண்ணாதீர்கள், மாதத்தில் எத்தனை கோடு என்று மட்டும் எண்ணுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் விட்டால் மட்டும் கவனம் தேவை.

காலையில் நினைவு வந்தால் உடனே பாருங்கள், பாதத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நேற்றைய கட்டத்தில் கோடு போடாதீர்கள், அங்கே 'ம'தான் வர வேண்டும். கொக்கி எங்கே தவறுகிறது என்று காட்டத்தான் தாள், அதை ஏமாற்றினால் நஷ்டம் உங்களுக்கு.

ஊருக்குப் போனா என்ன பண்றது? கல்யாண வீட்ல நாற்காலியும் கூடையும் எங்க தேடுறது?

வெளியூருக்கென்று ஒரு சின்ன வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிக் கால் கழுவும் இடத்திலேயே, போன் டார்ச் வெளிச்சத்தில் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் மட்டும் பாருங்கள், அரை நிமிடம் போதும். அதுவும் முழுக் கோடுதான். கோயிலில் வெறுங்காலோடு சுற்றிவந்த நாள் என்றால் இதைத் தவறவிடாதீர்கள். வெயிலில் காய்ந்த கல் தரை மரத்துப்போன காலைச் சுட்டிருந்தாலும் தெரியாது. திரும்பி வந்த முதல் இரவே பழைய கொக்கிக்கு வந்துவிடுங்கள். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று தள்ளினால் அது பெரும்பாலும் அடுத்த மாதமாகிவிடும்.

அம்மாவுக்குக் குனிய முடியாது, கண்ணும் சரியாத் தெரியாது. அவங்களுக்கு எப்படி?

குனிவது மட்டும் சிக்கல் என்றால் கைக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்கலாம். பார்வை மங்கல் என்றால் வேறொருவர்தான் பார்க்க வேண்டும். அப்போது கொக்கியும் பார்ப்பவருடையதாக இருக்க வேண்டும், அம்மாவுடையதாக அல்ல. அம்மாவுக்கு இரவில் கொசுவலை கட்டிவிடுவது நீங்கள் என்றால், வலையைக் கட்டும் முன் என்று வைக்காதீர்கள். தண்ணீர்ச் சொம்பைத் தலைமாட்டில் வைத்ததும் பாதம், அதன் பிறகு வலை. இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதானால் கோட்டுக்குப் பதில் பார்த்தவரின் முதல் எழுத்தைப் போடுங்கள். 'நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்' என்பது அங்கே தானாக வெளிப்பட்டுவிடும்.

இதோட சேர்த்துக் கால் பயிற்சி, நகம் வெட்டுறது எல்லாத்தையும் அடுக்கிடலாமா?

முதல் ஒன்று தானாக ஓடும்வரை வேண்டாம். கை தானாக நாற்காலியை இழுக்கிறது, கோடு போட்ட பிறகுதான் 'ஓ, பார்த்துவிட்டோமா' என்று தோன்றுகிறது என்றால் அது படிந்துவிட்டது. அப்போது அடுத்ததை அதன் வால்பக்கம் மாட்டுங்கள், நடுவில் செருகாதீர்கள். நகம் வெட்டுவது தினசரி வேலை அல்ல, அதை இந்த அடுக்கில் வைக்கவே வேண்டாம்.

எப்ப கோடு போடுறதை நிறுத்தலாம்?

ஒரு மாதத் தாளில் 'ம' என்ற எழுத்தே இல்லை என்றால் நிறுத்திப் பார்க்கலாம். வட்டங்களை மட்டும் தொடர்ந்து போடுங்கள், அவை டாக்டரிடம் காட்ட வேண்டியவை. ஒரே இடத்தில் மூன்று வட்டம் வந்திருந்தால், செருப்பு அங்கே அழுத்துகிறது என்பது தாளைப் பார்த்ததுமே புரியும்.

வட்டம் போட்டாச்சு. அடுத்து என்ன?

திறந்த புண், கொப்புளம், சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, கறுத்த அல்லது நீலம் பாரித்த விரல், ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது: இவற்றில் எதுவானாலும் வலி இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாள் காலையிலோ டாக்டரிடம் போக வேண்டும். கூடவே காய்ச்சல் இருந்தால் இரவென்றும் பார்க்க வேண்டாம். புண் உள்ள காலை ஊன்றி நடப்பதை அதுவரை முடிந்த அளவு குறையுங்கள்.

கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்டரும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் உணர்ச்சியற்ற தோலில் புண்ணாக்கிவிடும். ஆழமில்லாத வறட்டு வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீம் போடலாம், வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால் கிரீமை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது காலண்டர் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். புண் எந்தத் தேதியில் முதலில் தெரிந்தது என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.